இரண்டாம் அடியின் முதல் சொல்

அம்மாவுக்கு வாதம் வந்து வாய் அடைத்துப்போன பிறகு அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். அதாக்கும். அதுதான் என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். சோறு வேணுமா என்று கேட்டாலும் அதாக்கும், கால் வலிக்குதா என்று கேட்டாலும் அதாக்கும். கோபம் வந்தால் அதையே மூன்று தடவை சொல்வாள். வலது கை பாதி, வலது கால் பாதி, பேச்சு முழுசும் போயிற்று. தாலூக்கு ஆஸ்பத்திரி டாக்டர், சொற்கள் உள்ளே இருக்கின்றன, வழிதான் அடைந்துகிடக்கிறது என்றார். எனக்கு அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உள்ளே இருந்து எனக்கு என்ன லாபம்?

எனக்கு வேண்டியது ஒரு சொல். மக்கா. எங்கள் பக்கம் அது பெரிய சொல் ஒன்றுமில்லை. பாறசாலை சந்தையில் மீன்காரி கூட என்னை மக்கா என்பாள். பிள்ளாய் என்பதுபோல, இளையவர்களை யார் வேண்டுமானாலும் அப்படிக் கூப்பிடலாம். ஆனால் நாற்பத்தொரு வயதில், கல்யாணம் ஆகாமல், அப்பாவும் போய்ச்சேர்ந்த வீட்டில், என் பெயரைக் கூட அல்ல, அந்தச் சொல்லைச் சொல்லி என்னைக் கூப்பிட இருந்தது அம்மா ஒருத்தி. அவளும் நிறுத்திவிட்டாள். வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து 'வந்தியா மக்கா' என்று ஒரு குரல் வரும். அது வராத வீட்டுக்குள் நுழைவது எப்படியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. நான் சிலநாள் செருப்பைக் கழற்றாமல் சும்மா நின்றிருக்கிறேன்.

அப்போது எனக்கு அமரவிளையில் ஒரு அச்சகத்தில் வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் மலையாளத்திலும் தமிழிலும் அடிப்போம். கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள், இந்தப் பக்கத்து ஆட்களும் வருவார்கள். பிழைதிருத்துவது என் வேலை. கூடவே, தமிழில் வாழ்த்துப்பா வேண்டுமென்று யாராவது கேட்டால் எழுதிக்கொடுப்பதும் என் தலையில் வந்து விழுந்தது. நான் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் வீட்டில் பேசியது, எழுத்து பிறகு நானே கூட்டிப் படித்தது. அதனால் ஆரம்பத்தில் எழுதியவற்றை நினைத்தால் இப்போதும் காது சுடும்.

அம்மா நன்றாயிருந்த காலத்தில் அவளுடைய பிறந்தநாளுக்கு நான் எழுதின முதல் வாழ்த்து இப்படித் தொடங்கும்:

அன்போடு எங்களை வளர்த்தாய்
துன்பத்தில் சிரித்தே மலர்ந்தாய்
இரவெல்லாம் கண் விழித்தாய்
உறவெல்லாம் நீயே அழைத்தாய்

கடையில் விற்கும் இங்கிலீஷ் வாழ்த்து அட்டைகளைப் பார்த்துச் செய்தது. வரியின் கடைசியில் மணி அடித்தால் கவிதை என்று நினைத்திருந்தேன். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் வினை வரியின் கடைசியில் போய் உட்காரும். 'தாய்', 'தேன்' என்று அது தன்னாலேயே ஒலித்துவிடும். இலக்கணம் சும்மா கொடுப்பதை நாம் கெட்டிக்காரத்தனம் என்று காட்டிக்கொள்வதுபோல. அதற்கும் இயைபு என்று பெயர் உண்டு, பாட்டில் அழகாகவும் வரும். ஆனால் என்னுடையது வெறும் விகுதி.

அம்மா எழுத்துக் கூட்டத் தெரியாதவள். நான் வாசித்துக் காட்டியதை முழுசும் கேட்டாள். பிறகு மரச்சீனிக் கிழங்கைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு மக்கா. ஆனா மணிய மாட்டுக்க வாலுல கெட்டி வச்சிருக்கிய. கழுத்துலல்லா கெட்டணும். வாலுல கெட்டினா மாடு போனப்பறமாக்கும் சத்தம் கேக்கும்."

எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவில்லை. அச்சகத்தில் உட்கார்ந்து எழுதியவளுக்குக் கிழங்கு சுரண்டுகிறவள் பாடம் எடுக்கிறாளே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சொன்னது சரி என்பது வேறு விஷயம்.

அவள் பாட்டு கட்டுவது எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் பிறந்தநாள் நட்சத்திரம் பார்த்துத்தான். என் நட்சத்திரம் வரும் நாளில் காலையில் என்னைப் பலகையில் உட்காரவைத்து உச்சியில் எண்ணெய் வைக்கும்போது ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்திலேயே ஒன்று கட்டுவாள். எனக்கு நினைவில் நின்றது ஒன்று:

எண்ண வச்சேன் உச்சியில எங்க வீட்டுத் தங்கத்துக்கு
கண்ணு வைக்காண்டாம் ஊராரே காலம்பற வந்துநின்னு

இதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். 'எண்ண', 'கண்ணு'. இரண்டு வரியின் தொடக்கத்திலும் இரண்டாவது எழுத்து 'ண்'. அதற்கு முந்தின எழுத்து இரண்டிலும் குறில். இதுதான் எதுகை. முதல் எழுத்து குறிலென்றால் குறில், நெடிலென்றால் நெடில். 'எண்ண'வுக்குக் 'கண்ணு' சேரும், 'காண' சேராது. அப்புறம் முதல் வரிக்குள்ளே 'எண்ண', 'எங்க'; அடுத்த வரிக்குள்ளே 'கண்ணு', 'காலம்பற'. முதல் எழுத்து முதல் எழுத்தோடு கைகோத்துக்கொள்வது மோனை. அம்மாவுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. தப்பினது மட்டும் கிடையாது.

அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, விளையாடிப் பழகியது. அவளுக்கு ஒரே ஒரு அக்கா. அதியன்னூரில் இருந்த வீட்டில் தாயில்லாத இரண்டு பேரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து கிழங்கு சுரண்டுவார்களாம். அக்கா ஒரு வரி போடுவாள், அது எந்தச் சொல்லில் தொடங்கியதோ அதற்கு எதுகையாகத் தங்கை சட்டென்று அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். யோசித்தால் தோற்றாள். தோற்றவள் பாத்திரம் கழுவ வேண்டும். நான் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அந்தப் பெரியம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு அக்கா என்ற சொல்லே எங்கள் வீட்டில் புழங்கவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. இதையெல்லாம் அம்மா சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டிருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை, அதற்கு வருகிறேன்.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுச் சேச்சி. மலையாளம்தான் பேசுவாள். ஒருநாள் நான் பஸ் இறங்கி வரும்போதே வழியில் நிறுத்தி, "மோளே, அம்ம இன்னு ரேடியோயில் பாட்டு கேட்டப்போ கூடெ மூளி கேட்டோ" என்றாள். கூடவே முனகினாள் என்கிறாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, ஆமாம், பேச்சு போனவர்களுக்கும் பாட்டு சிலசமயம் வரும், பழகின பாட்டைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள், மிச்சத்தை அவர்கள் சொன்னாலும் சொல்வார்கள் என்றார்கள்.

நான் என்ன செய்தேன்? பழைய புத்தி விடுமா. வாலிலேயே போய் நின்றேன். அந்தப் பழைய வாழ்த்தையே எடுத்து, 'அன்போடு எங்களை வளர்த்தாய், துன்பத்தில் சிரித்தே' என்று நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தேன். அவள் என் வாயைப் பார்த்தாள். "அதாக்கும்" என்றாள். ஒரு வாரம் இப்படி. ஒவ்வொரு நாளும் அதாக்கும். அந்த வாரக் கடைசியில் தட்டை ஓங்கி வைத்துவிட்டு எழுந்துபோனேன். நோயாளியிடம் கோபப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

வழி திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் தலையில் எண்ணெய் வைத்தேன். கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்கு அவளுடைய பாட்டையே எடுத்தது. எண்ண வச்சேன் உச்சியில எங்க வீட்டுத் தங்கத்துக்கு. கிண்ணம் சரிந்தது, பிடிப்பதற்காக ஒரு நொடி நிறுத்தினேன்.

"கண்ணு" என்றாள் அம்மா.

எட்டு மாசத்தில் அதாக்கும் அல்லாத முதல் சொல். நான் கிண்ணத்தை விட்டுவிட்டேன், எண்ணெய் முழுசும் அவள் மடியில் கொட்டியது. மறுபடி சொன்னேன். மறுபடியும் "கண்ணு". அதற்கு மேல் வரவில்லை, வரியின் மீதியை நான்தான் சொன்னேன். ஆனால் அந்த முதல் சொல் ஒவ்வொரு முறையும் வந்தது.

அப்போதுதான் கழுத்து மணி எனக்குப் புரிந்தது. வரியின் கடைசியில் ஒலி சேரும் பாட்டில் அந்தச் சொல்லுக்காக வரி முழுவதும் காத்திருக்க வேண்டும். தமிழில் முதல் வரி வாயைத் திறந்ததுமே இரண்டாவது வரியின் வாசல் எங்கே என்று சொல்லிவிடுகிறது. அம்மாவுக்கு நீளமாக நடக்க முடியாது. வாசல் வரைக்கும் வர முடிந்தது.

அது மனப்பாடமான பாட்டு, அதனால் வந்திருக்கும் என்று நினைத்துப் புதிதாகக் கட்டிப் பார்த்தேன். "பல்லு தேச்சாச்சு, பாலும் குடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுத் தொடையில் நாலு தட்டுத் தட்டினேன். கொஞ்சம் பொறுத்து "சொல்லு" என்றாள். மறுநாள் "காத்து வருது, கதவத் தெறந்து வைக்கேன்" என்றதற்குப் "பாத்து" என்றாள். பொருள் பார்த்துச் சொன்னாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒலி பார்த்துத்தான் வந்தது என்று நினைக்கிறேன். ஒருமுறை "வீட்டு முத்தத்துல வெயிலடிக்கு" என்று சொல்லிவிட்டு, அவளைக் கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் "கட்டிலு, கட்டிலு சொல்லு" என்று எடுத்துக்கொடுத்தேன். முறைத்தாள். 'வீ' நெடில், 'க' குறில். "பாட்டு" என்றாள் அழுத்தமாக. பேச்சுப் போயிருக்கிறது, பெண்பிள்ளைக்குக் கர்வம் போகவில்லை.

ஆவணி அத்தம் அவளுடைய நட்சத்திரம். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கு அவள் வாயால் மக்கா சொல்லவைத்துவிடுவது என்று முடிவுகட்டினேன். அச்சகத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காக அடித்த இலக்கண நோட்டு ஒன்று மிச்சமிருந்தது. அதை வைத்துக்கொண்டு சின்னதாக இரண்டு அடியில் ஒரு குறள் வெண்பா கட்டத் தொடங்கினேன். என்னத்துக்கு வெண்பா? இரண்டு வரிப் பாட்டு போதாதா? போதும்தான். ஆனால் வெண்பாவில் ஒரு சீர் அடுத்த சீரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். காய்ச்சீர் முடிந்தால் அடுத்தது நேரசையில் தொடங்கியே ஆக வேண்டும். மாச்சீர் முடிந்தால் அடுத்தது நிரையசை. அந்த இழுப்பில் அம்மாவும் வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

'மக்கா'வைத் தட்டிப் பார்த்தேன். 'மக்' ஒரு தட்டு, 'கா' ஒரு தட்டு. நேர் நேர், தேமா. அது இரண்டாம் அடியின் தலையில் வர வேண்டும். அப்படியானால் முதல் அடி காய்ச்சீரில் முடியலாம், மக்காவுக்குப் பிறகு வருவது இரண்டு குறில் சேர்ந்த நிரையில் தொடங்க வேண்டும். எதுகைக்கு 'க்', முன்னால் குறில். 'பக்கம்' கிடைத்தது. பஸ்ஸில் போகும்போது தட்டி, பிழைதிருத்தும்போது தட்டி, முதலாளி "என்ன, மேசைய ஒடைக்கவா போற?" என்று கேட்கிற அளவுக்குத் தட்டி, கடைசியில் இப்படி நின்றது:

பக்கத்தில் நானுண்டு பார்த்தொருகால் கூப்பிடம்மா
மக்கா எனுமொரு வாக்கு

முதல் அடியில் நாலும் காய்ச்சீர். அடுத்தடுத்து எல்லாம் நேரில் தொடங்குகின்றன. 'பக்கத்தில்', 'பார்த்தொருகால்' என்று ஒன்றுக்கும் மூன்றுக்கும் மோனை. மக்கா தேமா, அதன் பின்னால் 'எனு' என்று நிரை. 'எனுமொரு' இரண்டும் நிரையாகிக் கருவிளம், விளத்தின் பின்னால் நேர், 'வாக்கு' என்று காசு வாய்பாட்டில் முடிவு. சொல் என்று முடித்திருந்தாலும் இலக்கணம் ஒத்துக்கொள்ளும். ஆனால் மகரத்துக்கு வகரம் மோனை, 'மக்கா'வுக்கு 'வாக்கு' பொருந்தும். சொல்லுக்கு வாக்கு என்பதுதானே எங்கள் பக்கத்துப் பேச்சும். இப்போது எழுதும்போதும் அந்த இரண்டு வரி சரியாக இருக்கிறது என்று ஒரு திமிர் வருகிறது. இருக்கட்டும்.

ஒரே பயம், அந்த இடத்தில் வேறென்ன சொற்கள் நுழையக்கூடும் என்பது. பட்டியல் போட்டேன். சக்கை வரலாம். கொக்கு வரலாம், எதுகைக்கு உயிர் ஒத்திருக்க வேண்டாம், அளவு ஒத்திருந்தால் போதும். விக்கல், துக்கம், செக்கு. பிறந்தநாளில் அம்மா என்னைப் பார்த்துச் சக்கை என்றால் சிரிப்பேனா அழுவேனா என்று யோசித்தேன். பட்டியலில் பதினாலு சொற்கள் இருந்தன. பதினைந்தாவது எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தத்தன்று லீவு போட்டேன். தெருவில் பிள்ளைகள் ஓணத்துக்காக வாசலுக்கு வாசல் பூக்களம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் குளிப்பாட்டி, கோடித்துணி உடுத்தி, விளக்கேற்றி, நடுவீட்டில் பாய் விரித்துச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். இலை போட்டு, பருப்பும் பப்படமும் அவியலும் பாயசமும் வைத்தேன். வேறு யாரையும் கூப்பிடவில்லை. அவள் சொன்னால் அது எனக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு பேராசை.

எதிரே பாயில் உட்கார்ந்தேன். தொடையில் தட்டிக்கொண்டு சொன்னேன்.

"பக்கத்தில் நானுண்டு பார்த்தொருகால் கூப்பிடம்மா..."

நிறுத்தினேன். தூரத்தில் ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவிக்கொண்டு போனது. அம்மா என்னைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். இடது கை பாயில் நாலு முறை தட்டியது. முகம் அப்படியே விரிந்தது. அந்த முகத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை, அது சின்னப் பெண்ணின் முகம்.

"அக்கா" என்றாள்.

நான் மறுபடி சொன்னேன். கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு சீராக. இந்தமுறை அவள் நான் முடிக்கும்வரை கூடப் பொறுக்கவில்லை.

"அக்கா."

தளை தட்டவில்லை. 'அக்' நேர், 'கா' நேர், அதுவும் தேமா. எதுகை அச்சாக இருக்கிறது. மோனை மட்டும்தான் போயிற்று, மோனை போனால் வெண்பா கெடாது. நான் மூன்று வாரம் உட்கார்ந்து கட்டிய வாசலில் வேறொருத்தி நடந்து வந்துவிட்டாள். பாயில் எதிரே உட்கார்ந்து முதல் வரி போடுகிறவள் அவளுக்கு யார்? நூறு தடவை அவளே சொன்ன கதை. அதே பாய், அதே ஆட்டம். நானே அந்த இடத்தில் போய் உட்கார்ந்து நானே கூப்பிட்டிருக்கிறேன்.

எழுந்து அடுக்களைக்குப் போனேன். செம்பை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அந்தப் பெரியம்மா மேல் எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. செத்து இருபத்தைந்து வருஷமாகிறது, இன்னுமா வேறொருத்தி சொல்லைப் பிடுங்கித் தின்ன வேண்டும்? பிறகு அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன். இந்த உலகத்தில் என்னைக் கூப்பிட இனி ஒருத்தரும் இல்லை என்று அன்றைக்கு அந்த அடுக்களையில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

உள்ளேயிருந்து பாயைத் தட்டும் சத்தம் கேட்டது. நாலு தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி நாலு தட்டு. பிறகு, "அக்கா". முதலில் இருந்த சந்தோஷம் அதில் இல்லை. பயந்த குரல். முதல் வரி போட்டவள் எழுந்துபோய்விட்டாள், தான் தோற்றுவிட்டோமோ என்ற மாதிரி.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அம்மா நான் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே அதே இடத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன மக்கா?" என்றேன். "நான் இஞ்சதான் உண்டு, எங்கயும் போகல்ல."

 அவள் இலைப்பக்கம் குனிந்தாள்.

"அதாக்கும்" என்றாள்.